பணம் கட் ஆனது, டிக்கெட் விழவில்லை: ரயில் முன்பதிவில் சிக்கிய பணத்தைத் தேடிப் பிடிக்கும் வழிகாட்டி

தட்கல் நேரம். பயணிகள் பெயர், கேப்சா, யுபிஐ பின் எல்லாம் போட்டாயிற்று. "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது" என்று வங்கியின் எஸ்எம்எஸ் வந்துவிட்டது. திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு முகப்புப் பக்கத்துக்கே தூக்கிப் போட்டுவிடுகிறது. பிஎன்ஆர் எண் இல்லை.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கண்ணில் படும் எல்லா எண்களுக்கும் போன் அடிப்பதுதான். வங்கியைக் கேட்டால் "பணம் போய்விட்டது, ரயில்வேயைக் கேளுங்கள்" என்பார்கள். ரயில்வே பக்கம் கேட்டால் "எங்களுக்கு வரவில்லை, வங்கியைக் கேளுங்கள்" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்வதாகத் தோன்றும். பல நேரங்களில் இருவரும் அவரவர் திரையில் தெரிவதைத்தான் சொல்கிறார்கள். பணம் இந்த நிமிடம் யார் கையில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைக் கண்டுபிடிப்பதற்கே போகிறது.

ஐஆர்சிடிசி இணையதளத்திலோ அதன் செயலியிலோ நேரடியாகப் புக் செய்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு பயணச் செயலி வழியாகப் புக் செய்தவர்களுக்கு 7-ஆம் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது.

## 1. திரையை மூடும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிழைச் செய்தி வந்த உடனே பின்பக்க அம்புக்குறியைத் தட்டாதீர்கள். அதே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதில் Transaction ID என்று ஓர் எண் தெரிந்தால் அது தங்கம். ஐஆர்சிடிசி தன் கணக்கில் உங்கள் முயற்சிக்குக் கொடுத்த அடையாளம் அது. பிஎன்ஆர் இல்லாத நிலையில் அவர்கள் பக்கம் உங்களைத் தேட இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்து, பணம் கட்டிய செயலியைத் திறந்து அந்தப் பரிவர்த்தனையின் விவரப் பக்கத்துக்குப் போங்கள். யுபிஐ என்றால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். சில செயலிகள் அதை UTR என்று காட்டும், சில UPI transaction ID என்று காட்டும். செயலியே தனக்கென்று வைத்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் வேறு. வங்கி கேட்கப் போவது 12 இலக்க எண்ணைத்தான்.

இவற்றோடு நேரம், பைசா வரை சரியான தொகை, பணம் கட்டிய முறை, ரயில் எண், பயணத் தேதி ஆகியவற்றையும் ஒரு குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை முயன்றிருந்தால் ஒவ்வொரு முயற்சியையும் தனி வரியாக எழுதுங்கள். தொகை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், எண்கள் மட்டும் மாறும். நாலு நாள் கழித்து ஒரு தொகை திரும்பி வரும்போது, "எந்த முயற்சியின் பணம் இது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவது இந்தக் குறிப்புதான்.

## 2. மறுபடி புக் செய்யும் முன் ஒரே ஒரு பக்கத்தைப் பாருங்கள்

ஐஆர்சிடிசியில் மறுபடி உள்நுழைந்து My Account, அதில் My Transactions, அதில் Booked Ticket History. செயலியில் My Bookings. முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

காரணம் எளிது. டிக்கெட் விழுந்துவிட்டது, உங்கள் திரைக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை என்பதும் அடிக்கடி நடக்கிறது. கூட்ட நேரத்தில் எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் தாமதமாகும். அவை வரவில்லை என்பதை வைத்து டிக்கெட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பட்டியலில் பிஎன்ஆர் இருந்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

இதைப் பார்க்காமல் அவசரத்தில் மறுபடி புக் செய்து, இரண்டு டிக்கெட்டோடு நிற்பவர்கள் ஏராளம். சாதாரண உறுதி டிக்கெட் என்றால், பல நாள் முன்பே ரத்து செய்தாலும் ஸ்லீப்பரில் ஒரு பயணிக்கு 120 ரூபாயும் மூன்றாம் ஏசியில் 180 ரூபாயும் பிடித்துக்கொள்வார்கள். ஏசிக்கு ஜிஎஸ்டி தனி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய் கூடத் திரும்பாது.

"தட்கல் நேரத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் சீட் போய்விடுமே" என்பது நியாயமான கேள்விதான். என் பழக்கம் இது: பட்டியலை ஒரு முறை பார்ப்பேன். இல்லை என்றால் ரயில் எவ்வளவு அவசியம் என்று யோசிப்பேன். கட்டாயம் போக வேண்டிய பயணம் என்றால் வேறு வழியில் பணம் கட்டி மறுபடி முயல்வேன். முதலில் யுபிஐ சிக்கியிருந்தால் இரண்டாவது முறை கார்டு. ஒரே வங்கியின் சர்வர் திணறும்போது அதையே மறுபடி தட்டினால், இரண்டாவது தொகையும் போய் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

## 3. பணம் யார் கையில் நிற்கிறது?

ரயில் டிக்கெட்டுக்கான பணம் ஒரே தாவலில் போய்ச் சேர்வதில்லை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பி, இடையில் இருக்கும் பேமென்ட் அமைப்பைத் தாண்டி, ஐஆர்சிடிசியின் கணக்குக்குப் போக வேண்டும். பணம் வந்தது என்ற உறுதிச் செய்தி கிடைத்த பிறகுதான், ஐஆர்சிடிசி ரயில்வேயின் முன்பதிவுக் கணினியிடம் "இந்தப் பயணிகளுக்குப் படுக்கை கொடு" என்று கேட்கும். பிஎன்ஆர் பிறப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நீங்கள் பின் நம்பர் போட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் படுக்கையும் உங்கள் பெயரில் பிடித்து வைக்கப்படுவதில்லை. திரையில் 14 இடம் இருப்பதாகப் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போனால், உறுதிச் செய்தி திரும்பி வருவதற்குள் அந்தப் பதினான்கும் போயிருக்கலாம்.

ஆகவே, டிக்கெட் விழாமல் போன பணம் இரண்டில் ஓர் இடத்தில்தான் நிற்கும். உங்கள் கணக்குக்கும் ஐஆர்சிடிசிக்கும் நடுவில் நிற்கும், அல்லது ஐஆர்சிடிசியிடமே போய்ச் சேர்ந்திருக்கும்.

நடுவில் நிற்கிறது என்றால், யுபிஐ செயலியில் Pending அல்லது Processing என்று தெரியும். ஐஆர்சிடிசியின் உதவி மையத்தில் கேட்டால் பணம் வந்ததாகப் பதிவு இருக்காது. இதைச் சரிசெய்ய வேண்டியது வங்கிப் பக்கம். பெரும்பாலும் ஆள் தலையிடாமல், அன்றைய கணக்கை ஒத்துப் பார்க்கும்போது தானாகவே பணம் திரும்பிவிடும்.

ஐஆர்சிடிசியிடம் சேர்ந்துவிட்டது என்றால், யுபிஐ செயலியில் Success என்று பச்சையாகக் காட்டும். இங்கேதான் ஜனங்கள் குழம்புகிறார்கள். "வெற்றி என்று காட்டுகிறதே, டிக்கெட் எங்கே?" என்று வங்கியிடம் சண்டை போடுவார்கள். அந்த வெற்றி பணம் கை மாறியதற்கானது மட்டுமே, டிக்கெட்டுக்கானதல்ல. பணத்தைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்ட வங்கி அதைத் தானாகத் திரும்ப எடுக்க முடியாது. அதைத் திருப்ப வேண்டியது ஐஆர்சிடிசி.

பணம் அவர்களிடம் சேர்ந்தும் டிக்கெட் விழாததற்கு, நீங்களே வைத்த ஒரு டிக் குறியும் காரணமாக இருக்கலாம். பயணிகள் விவரப் பக்கத்தில் Book only if confirm berths are allotted என்று ஒரு விருப்பம் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், உறுதிப் படுக்கை இல்லாதபோது வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் தராமல் புக்கிங்கையே விட்டுவிடும். பணம் போயிருக்கும், டிக்கெட் இருக்காது. பிழை எதுவும் நடக்கவில்லை, நீங்கள் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. அந்தப் பணம் முழுதாகத் திரும்பும். அந்த விருப்பத்தை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் தட்கலில் அதை வைப்பவன்தான். வைத்தது நினைவில் இருந்தால் போதும்.

கார்டிலோ நெட்பேங்கிங்கிலோ கட்டியிருந்தால் பச்சை, மஞ்சள் காட்ட யுபிஐ செயலி இருக்காது. அப்போது வங்கிக் கணக்குப் பட்டியலைப் பாருங்கள். தொகை இறுதியாகப் பதிவாகியிருக்கிறதா, அல்லது பிடித்து வைத்த தொகையாக மட்டும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிடித்து வைத்தது என்றால் இன்னும் உங்கள் கணக்கை விட்டே போகவில்லை.

## 4. எத்தனை நாள் பொறுக்க வேண்டும்: தேதியை எண்ணும் முறை

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இதற்குக் கெடு வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் எடுக்கப்பட்டு, வணிகருக்கு, அதாவது இங்கே ஐஆர்சிடிசிக்கு, உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செய்யும் யுபிஐ பேமென்டுக்கும் இணையத்தில் செய்யும் கார்டு பேமென்டுக்கும் இதே கெடுதான். தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திருக்காமல் தானாகவே அதைக் கணக்கில் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

எண்ணுவதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பணம் கட்டிய நாளையே முதல் நாளாக எண்ணுகிறார்கள். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மறுநாள்தான் ஒன்று. அடுத்து, ஞாயிறையும் விடுமுறையையும் கழித்துவிடுகிறார்கள். இந்தக் கெடு நாட்காட்டி நாட்களில்தான் ஓடுகிறது, எனவே ஞாயிறும் சேரும். வியாழக்கிழமை கட்டிய பணத்துக்கு அடுத்த செவ்வாய்தான் கெடு. புதன் முதல் இழப்பீடு ஓடும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. பணம் நடுவில் சிக்கிய கதைக்குத்தான் இந்த 100 ரூபாய் பொருந்தும். ஐஆர்சிடிசிக்குப் பணம் சேர்ந்து, அவர்கள் ரீஃபண்டாகத் திருப்பி அனுப்புவது தாமதமானால் வங்கியிடம் இதைக் கேட்க முடியாது. 3-ஆம் பகுதியில் அவ்வளவு நேரம் செலவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து வருவதுதான் என் வழக்கம். முதல் நாள் ஆவணங்களை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். மூன்றாம் நாள் ஒரு முறை நிலையைப் பார்ப்பேன். ஐந்து நாள் முடிந்த மறுநாள் காலையில் எழுத்தில் புகார். முதல் நாளே புகார் போட்டால் "காத்திருங்கள்" என்று பதில் வந்து அந்தப் புகார் மூடப்பட்டுவிடும். தேவைப்படும் நாளில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

## 5. ஐஆர்சிடிசி திருப்பி அனுப்பும் பணத்தைத் தேடுவது

பணம் அவர்கள் கையில் என்று தெரிந்தால், கணக்கில் உள்நுழைந்து My Transactions பகுதியில் ரீஃபண்ட் வரலாறு, தோல்வியடைந்த பரிவர்த்தனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் செய்த முயற்சி மட்டும் வேண்டும் என்றால் Last Transaction Detail போதும். எந்தத் தேதிக்கான பட்டியலைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தேட வேண்டியது பணம் கட்டிய நாள், பயணம் செய்ய இருந்த நாள் அல்ல. புதிதாகத் தேடுபவர்கள் பயணத் தேதியைப் போட்டுவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று பயப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்டே விழாத முயற்சிக்கு ரத்துக் கட்டணம் கிடையாது. வசதிக் கட்டணம் உட்பட நீங்கள் கட்டிய முழுத் தொகையும் வர வேண்டும். குறைவாக வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது வேறொரு டிக்கெட்டின் ரீஃபண்டாக இருக்கும்.

பணம் எந்த வழியில் போனதோ அதே வழியில்தான் திரும்பும். வேறு கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது வீண். மைத்துனரின் யுபிஐயில் கட்டியிருந்தால் மைத்துனரின் கணக்கில்தான் வரும். அவரிடம் பாருங்கள் என்று சொல்ல மறந்து, பத்து நாள் தன் பாஸ்புக்கையே புரட்டிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

கிரெடிட் கார்டில் இரண்டு விசித்திரங்கள். ஒன்று, பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்பட்டால் "வரவு" என்று தனி வரி வராது. பிடித்த வரியே காணாமல் போகும், செலவு செய்யக்கூடிய வரம்பு பழைய அளவுக்கு ஏறும். வரவு வரியைத் தேடிக்கொண்டிருந்தால் கடைசி வரை கிடைக்காது. இரண்டு, தொகை ஏற்கெனவே பில்லில் ஏறியிருந்தால் ரீஃபண்ட் அடுத்த பில்லில்தான் தெரியலாம். அதற்காக இந்த மாதப் பில்லில் அந்தத் தொகையைக் குறைத்துக் கட்டாதீர்கள். குறைத்தால் மீதிக்கு வட்டி ஏறும்.

அனுப்பிவிட்டோம் என்று ஐஆர்சிடிசி சொல்லி, கார்டில் ஏறவில்லை என்று வங்கி சொன்னால், கேட்க வேண்டியது ARN என்ற எண். கார்டு ரீஃபண்டுக்கு உரிய 23 இலக்க அடையாளம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வங்கியிடம் கேட்டால் "எங்களுக்கு வரவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது, தேடித்தான் ஆக வேண்டும். யுபிஐ ரீஃபண்டுக்கு இதே வேலையை அந்த ரீஃபண்டின் 12 இலக்க எண் செய்யும்.

## 6. ஒரே காலையில் இரண்டு முறை சிக்கிய கதை

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்தது. வெள்ளிக்கிழமை இரவு திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், இரண்டு பேருக்கு ஸ்லீப்பர் தட்கல். ஏசி அல்லாத தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும் என்பதால், வியாழன் காலையில் உட்கார்ந்தார்.

11.02-க்கு யுபிஐயில் பணம் கட்டினார். வங்கியின் எஸ்எம்எஸ் வந்தது, செயலியில் Processing என்று நின்றது, தளத்தில் நேரம் தீர்ந்து வெளியே தள்ளிவிட்டது. உள்ளே வந்து பட்டியலைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. 11.06-க்கு மறுபடி, இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து அதே தொகை. இம்முறை செயலியில் Success. ஆனால் டிக்கெட் இல்லை. உறுதிப் படுக்கை இருந்தால் மட்டும் என்ற விருப்பத்தை வைத்திருந்தார், அதற்குள் தட்கல் இடங்கள் தீர்ந்திருந்தன. ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம், இரண்டு தடவை.

"தம்பி, ரெண்டாயிரத்துக்கு மேல போச்சுடா" என்று அவர் வந்து நின்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த முயற்சி எந்த அக்கவுன்ட்ல, சொல்லுங்கக்கா?" நல்லவேளையாக இரண்டும் வேறு வேறு கணக்கு. இரண்டு 12 இலக்க எண்களையும் எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது முயற்சியின் பணம் ரயில் பக்கம் சேர்ந்துவிட்டது. அது ரீஃபண்டாகச் சனிக்கிழமை வந்துவிட்டது, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் எல்லோரும் "பணம் வந்தாச்சு" என்று நிம்மதியானார்கள். தொகை ஒன்றாக இருந்ததால் முதல் முயற்சியின் பணம்தான் வந்ததாக அக்கா நினைத்து, வந்து சேர்ந்த பணத்துக்கே புகார் எழுதக் கிளம்பினார். எந்தக் கணக்கில் வரவு வந்தது என்று பார்த்துத்தான் அதை நிறுத்தினோம்.

முதல் முயற்சியின் பணம் செவ்வாய்க்கிழமை வரை வரவில்லை. கெடு தாண்டியதும் புதன் காலையில் வங்கிக்கு மின்னஞ்சல் எழுதினோம். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, செயலியின் ஸ்கிரீன்ஷாட், கெடு எந்த நாளில் முடிந்தது என்ற ஒரு வரி, புகார் எண் தரும்படி ஒரு வரி. ரயிலைப் பற்றிய கதை எதுவும் இல்லை, ஏனென்றால் வங்கிக்கு அது தேவையில்லை. வெள்ளிக்கிழமை பணம் திரும்பியது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் தாமதம், 300 ரூபாய். அது தானாக வரவில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைத் தேதியைக் குறிப்பிட்டு, அதே புகார் எண்ணில் இன்னொரு மின்னஞ்சல் போட்ட பிறகு வந்தது.

கையில் டிக்கெட் இல்லாமல் அக்கா பேருந்தில்தான் போனார் என்பது வேறு கதை.

## 7. புகார் செய்யும் வரிசை

பணம் ஐஆர்சிடிசியிடம் இருந்தால் முதலில் equery.irctc.co.in தளத்தில் பதிவு செய்யுங்கள். Transaction ID, பதிவு செய்த பயனர் பெயர், பணம் கட்டிய தேதி, தொகை, வங்கியின் பரிவர்த்தனை எண் ஆகியவை முதல் மூன்று வரிகளுக்குள் இருக்கட்டும். தொலைபேசி என்றால் 14646. போனில் பேசினாலும் எழுத்தில் ஒரு தடம் வைத்திருங்கள், ஏனென்றால் பின்னால் மேலே போகும்போது "பேசினேன்" என்பதற்கு மதிப்பில்லை.

பணம் நடுவில் இருந்தால் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே இருக்கும் உதவி அல்லது புகார் பட்டனிலிருந்து தொடங்குங்கள். அப்படிப் போடும் புகார் பரிவர்த்தனை எண்ணோடு சேர்ந்தே போகும், நீங்கள் தவறான எண்ணை அடிக்கும் வாய்ப்பு இல்லை. அது நகரவில்லை என்றால் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு எழுத்தில். செயலி ஒரு கம்பெனியுடையது, கணக்கு ஒரு வங்கியுடையது என்றால், பணத்துக்குப் பொறுப்பு வங்கிதான் என்பதை மறக்க வேண்டாம்.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் முதலில் வங்கியிடம் புகார் கொடுத்ததற்கான ஆதாரம் இல்லாமல் போனால் ஏற்க மாட்டார்கள். ஐஆர்சிடிசி வங்கி அல்ல, அதன் மீதான குறையை இங்கே கொண்டுபோக முடியாது. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மத்திய அரசின் pgportal.gov.in தளமும் இருக்கிறது.

வேறு பயணச் செயலியில் புக் செய்தவர்கள் முதலில் அந்தச் செயலியிடம்தான் கேட்க வேண்டும். பணத்தை வாங்கியது அவர்கள். ஐஆர்சிடிசி திருப்பினாலும் அவர்கள் கைக்கு வந்து, பிறகுதான் உங்களுக்கு வரும். பணமாக அல்லாமல் தங்கள் வாலட்டில் போட்டுவிட்டார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 8. டிடிஆர் போடலாமா?

கூடாது. டிடிஆர் என்பது, கையில் இருக்கும் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கேட்டு ஐஆர்சிடிசியில் போடும் விண்ணப்பம். அதைப் போட பிஎன்ஆர் வேண்டும். ரயில் அதிகத் தாமதமானதால் பயணம் செய்யவில்லை என்பது போன்ற, டிக்கெட் இருந்தும் பணம் திரும்பக் கேட்கும் நிலைகளுக்கானது அது. டிக்கெட்டே பிறக்காதபோது அதற்கு இங்கே வேலை இல்லை. வேறொரு பிஎன்ஆரில் டிடிஆர் போட்டு "இதுதான் அது" என்று விளக்கம் எழுதிய ஒருவரையும் பார்த்தேன். அவருடைய நல்ல டிக்கெட்டும் சேர்ந்து சிக்கலில் மாட்டியது.

இதேபோல் இன்னொரு குழப்பம். எல்லோரும் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் இ-டிக்கெட், சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகி, ஒரு சிறிய பிடித்தத்தோடு பணம் திரும்பும். அங்கே பிஎன்ஆர் உண்டு, பிடித்தமும் உண்டு. முழுத் தொகை வரவில்லை என்று அதற்காகத் தோல்விப் பரிவர்த்தனைப் புகார் போட்டால் எடுபடாது.

## 9. உங்களைத் தேடி வரும் "உதவி"

பணம் சிக்கியிருக்கும் அந்த நாலைந்து நாள்தான் மோசடிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். "ரீஃபண்ட் உதவி எண்" என்று கூகுளில் தேடினால் வரும் எண்களில் போலிகள் கலந்திருக்கும். சமூக ஊடகத்தில் குறையைப் பதிவிடும்போது கைபேசி எண்ணையும் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்துப் போட்டால், சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் அதிகாரி குரலில் அழைப்பார். உங்கள் தொகையும் நேரமும் அவர் வாயிலிருந்து சரியாக வருவதால் நம்பிவிடுவீர்கள். அவருக்கு அதைச் சொன்னதே உங்கள் பதிவுதான்.

பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டிய நிலை எப்போதும் கிடையாது. ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, திரையைப் பகிரும் செயலியைப் போட வேண்டியதில்லை, ஒரு ரூபாய் அனுப்பிச் "சரிபார்க்க" வேண்டியதில்லை. இதில் ஒன்றைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

## 10. அடுத்த முறை கட்டும்போது

அடிக்கடி புக் செய்பவர் என்றால், ஐஆர்சிடிசியின் ஐபே பேமென்ட் பகுதியில் இருக்கும் ஆட்டோபே வழியைப் பாருங்கள். அதில் தொகை உங்கள் கணக்கிலேயே பிடித்து வைக்கப்படும், பிஎன்ஆர் உருவான பிறகுதான் எடுக்கப்படும். டிக்கெட் விழவில்லை என்றால் பிடித்தது விடுவிக்கப்படும். விடுவிக்கும் வரை அந்தத் தொகையை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்பதால், கணக்கில் கூடுதலாகக் கொஞ்சம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஐஆர்சிடிசி இ-வாலட்டில் முன்பே பணம் போட்டு வைப்பது இன்னொரு வழி. வங்கியின் சர்வர் நடுவில் வராததால் சிக்குவது குறையும், டிக்கெட் விழாவிட்டால் வாலட்டுக்கே திரும்பும். ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்கு, அதில் பணத்தை முடக்கி வைப்பது தேவையில்லாத வேலை என்பதுதான் என் எண்ணம். அவர்கள் யுபிஐயிலேயே கட்டலாம். இரவு 11.45 முதல் 12.20 வரை தளம் பராமரிப்புக்காக மூடியிருக்கும், அதை ஒட்டிய நிமிடங்களில் மட்டும் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.